ஆண்டுக்கு 4,80,000 என்றால் மாதம் கையில் எவ்வளவு?

கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் இருக்கும் ஒரு கம்பெனி, மார்த்தாண்டத்துப் பட்டதாரி ஒருவருக்கு ஆஃபர் லெட்டர் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் சிடிசி ஆண்டுக்கு 4,80,000 ரூபாய் என்று இருக்கிறது. வீட்டில் எல்லோரும் உடனே பன்னிரண்டால் வகுத்து மாதம் 40,000 என்று முடிவு செய்துவிடுவார்கள். முதல் முழு மாதச் சம்பளம் வங்கிக் கணக்கில் விழும்போது 30,938 என்று காட்டும். ஒன்பதாயிரத்துக்கு மேல் எங்கே போனது என்ற கேள்வி அப்போதுதான் எழும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தக் குழப்பத்துக்குத் தனியாக ஒரு காரணமும் உண்டு. வீட்டுக்கு ஒருவர் வளைகுடா நாடுகளுக்குப் போய்வந்த ஊர் இது. அங்கே சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது, பிஎஃப் கிடையாது. சொல்லும் சம்பளம் பெரும்பாலும் அப்படியே கைக்கு வரும். அந்தப் பழக்கத்தில் "கையில எவ்வளவு கிட்டும் மக்களே?" என்று மாமாவோ சித்தியோ கேட்டால், பிள்ளை ஆஃபர் லெட்டரில் உள்ள எண்ணை வகுத்துச் சொல்லிவிடுகிறான். கேட்டது கைக்கு வரும் தொகை, சொன்னது கம்பெனிக்கு ஆகும் செலவு.

சிடிசி என்பது ஒரு ஊழியருக்காக ஒரு வருடத்தில் கம்பெனி ஒதுக்கும் மொத்தச் செலவு. அதில் ஊழியரின் சம்பளம் இருக்கும். அவருடைய பெயரில் கம்பெனி வேறு இடங்களில் கட்டும் பணம் இருக்கும். வருடக் கடைசியில் கிடைத்தால் கிடைக்கும் என்ற பணமும் இருக்கும். மாதச் சம்பளத்தைக் கண்டுபிடிக்க முதலில் சம்பளம் அல்லாத இந்த இரண்டையும் வெளியே எடுக்க வேண்டும். மிஞ்சுவதுதான் கிராஸ், அதாவது பிடித்தத்துக்கு முந்தைய சம்பளம். அதிலிருந்து ஊழியரின் பங்குப் பிடித்தங்களைக் கழித்தால் கைக்கு வரும் தொகை கிடைக்கும். ஆக, கழித்தல் இரண்டு தடவை நடக்கிறது. பே ஸ்லிப்பில் தெரிவது இரண்டாவது மட்டும். முதல் கழித்தல் ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தில், சம்பளப் பிரிப்பு என்ற அட்டவணையில் இருக்கிறது. அந்தப் பக்கம் இல்லாமல் ஆஃபர் லெட்டர் வந்தால், கையெழுத்துப் போடும் முன் கேட்டு வாங்க வேண்டும்.

நம் உதாரணத்தில் அந்த அட்டவணை இப்படி இருக்கிறது. இங்கே வரும் விதிகளும் விகிதங்களும் 2025-26 நிதியாண்டுக்கானவை.

| தலைப்பு | மாதம் | ஆண்டு |
|---|---|---|
| அடிப்படைச் சம்பளம் | 20,000 | 2,40,000 |
| வீட்டு வாடகைப் படி | 8,000 | 96,000 |
| ஸ்பெஷல் அலவன்ஸ் | 4,738 | 56,856 |
| கிராஸ் | 32,738 | 3,92,856 |
| கம்பெனியின் பிஎஃப் பங்கு | 1,800 | 21,600 |
| கிராஜுவிட்டி | 962 | 11,544 |
| குழு மருத்துவக் காப்பீடு | 500 | 6,000 |
| வேரியபிள் | மாதம் இல்லை | 48,000 |
| சிடிசி | | 4,80,000 |

இதில் ஸ்பெஷல் அலவன்ஸ் 4,738 என்று ஒற்றைப்படையாக நிற்பதைப் பாருங்கள். மற்ற எல்லாத் தலைப்புகளுக்கும் ஏதோ ஒரு விகிதம் உண்டு. அடிப்படைச் சம்பளம் சிடிசியில் பாதி, வாடகைப் படி அடிப்படையில் 40 சதவீதம் என்று போகும். எல்லாம் போட்டு முடித்தபின் சிடிசியைச் சரியாக 4,80,000-க்குக் கொண்டுவர மிச்சம் பிடிக்கும் கட்டம்தான் ஸ்பெஷல் அலவன்ஸ். அதனால் வேறு எந்தக் கட்டத்தில் ஒரு ரூபாய் கூடினாலும் இந்தக் கட்டத்தில் ஒரு ரூபாய் குறையும். இது புரிந்தால் மற்றதெல்லாம் சுலபம்.

அடிப்படைச் சம்பளத்தில்தான் எல்லாம் தொங்குகிறது. பிஎஃப், கிராஜுவிட்டி, வாடகைப் படி மூன்றும் அதை வைத்தே கணக்கிடப்படுகின்றன. முன்பு பல கம்பெனிகள் அடிப்படையை 30, 35 சதவீதத்தில் வைத்துவிட்டு மீதியை அலவன்ஸ்களாகப் பிரித்துக்கொடுத்தன. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, விலக்களிக்கப்பட்ட அலவன்ஸ்கள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியமாகவே எண்ணப்படும். எனவே புதிய ஆஃபர் லெட்டர்களில் அடிப்படை 50 சதவீதம் என்று பார்ப்பது இனி சாதாரணம்.

இப்போது பிஎஃப். கையில் வரும் தொகையை மிக அதிகமாக மாற்றுவது இதுதான், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

ஊழியரும் கம்பெனியும் தலா 12 சதவீதம் போட வேண்டும். சட்டப்படி கட்டாயம் என்பது மாதம் 15,000 ரூபாய் ஊதியம் வரைக்கும்தான். அதன் 12 சதவீதம் 1,800. அடிப்படைச் சம்பளம் 20,000 ஆனாலும் 60,000 ஆனாலும் கம்பெனி 1,800-உடன் நிறுத்திக்கொள்ளலாம். முழு அடிப்படைக்கும் 12 சதவீதம் கட்டும் கம்பெனிகளும் ஏராளம். இரண்டும் சரியே. ஆனால் மாதத் தொகை மாறும்.

கம்பெனி தன் பங்கைத் தன் பையிலிருந்து கூடுதலாகப் போடுகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். சிடிசி கணக்கில் அப்படி இல்லை. கம்பெனியின் 1,800-ம் அந்த 4,80,000-க்குள்ளேயே இருக்கிறது. ஊழியரின் 1,800 கிராஸிலிருந்து போகிறது. ஆக, அந்த 40,000-இலிருந்து பிஎஃப்-க்காகப் போவது மாதம் 3,600. பே ஸ்லிப்பில் 1,800 மட்டும் தெரிவதால் பாதிதான் போகிறது என்று தோன்றும்.

இதே கம்பெனி முழு அடிப்படைக்கும் பிஎஃப் கட்டினால் என்ன ஆகும்? 20,000-இல் 12 சதவீதம் 2,400. கம்பெனியின் பங்கு 600 ரூபாய் கூடுகிறது; அந்த 600 ஸ்பெஷல் அலவன்ஸில் குறைந்து 4,138 ஆகிறது; கிராஸ் 32,138. அதிலிருந்து ஊழியரின் 2,400 போனால் கையில் 29,738. முன்பு 30,938 இருந்தது. மாதம் 1,200 குறைவு, அதே 1,200 பிஎஃப் கணக்கில் கூடுதல். பணம் தொலையவில்லை, 2024-25-க்கு அறிவிக்கப்பட்ட வட்டி 8.25 சதவீதம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் மோசமான சேமிப்பும் இல்லை. ஆனால் கழக்கூட்டத்தில் அறை வாடகையும் சாப்பாடும் கொடுத்து, வீட்டில் கல்விக் கடன் தவணையும் கட்ட வேண்டியவருக்கு அந்த 1,200 இன்றைக்கு வேண்டும். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. சில கம்பெனிகள் ஊழியரே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விடுகின்றன. வேலையில் சேரும் நாளில் போடும் கையெழுத்துகளுக்கு நடுவே அந்தக் கேள்வி ஒரு சின்னக் கட்டமாக வந்து போய்விடும்.

இன்னொரு நுணுக்கம். 12 சதவீதத்துக்கு மேல், பிஎஃப் அமைப்பின் ஆயுள் காப்பீட்டுக்கு அரை சதவீதமும் நிர்வாகக் கட்டணம் அரை சதவீதமும் கம்பெனி கட்ட வேண்டும். 15,000-க்கு அது தலா 75 ரூபாய். சில கம்பெனிகள் இந்த 150 ரூபாயையும் சிடிசிக்குள் வைத்து, தங்கள் பிஎஃப் பங்கு 1,950 என்று காட்டும். அந்த 150 ரூபாய் ஊழியரின் பிஎஃப் கணக்கில் வராது. பாஸ்புக்கில் தேடினால் கிடைக்காது என்பதற்காகச் சொல்கிறேன்.

பாஸ்புக் என்றதும் மற்றொன்று. ஏற்கனவே பிஎஃப் ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவருக்கு, கம்பெனியின் 1,800-இல் 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும். 550 மட்டுமே பிஎஃப் கணக்கில் சேரும். ஆகவே அவருக்கு மாதம் 3,600 சேராமல் 2,350 சேருவது சரியான கணக்கு. ஆனால் 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு முதல் முறையாகச் சேருபவருக்கு, சேரும்போதே ஊதியம் 15,000-ஐத் தாண்டியிருந்தால் ஓய்வூதியத் திட்டத்தில் இடமில்லை. கம்பெனியின் 1,800 முழுவதும் பிஎஃப் கணக்கிலேயே சேர வேண்டும். நம் மார்த்தாண்டத்துப் பட்டதாரி இந்த வகை. அவர் பாஸ்புக்கில் ஓய்வூதியக் கட்டத்தில் 1,250 விழுந்தால் சம்பளப் பிரிவில் யாரோ தவறாகப் பதிந்திருக்கிறார்கள் என்று பொருள். இரண்டாவது மாதமே சொன்னால் எளிதாகத் திருத்தலாம். ஐந்து வருடம் கழித்துப் பணம் எடுக்கப் போகும்போது தெரிந்தால் விண்ணப்பம் திரும்பி வரும், பழைய கம்பெனியைத் தேடி அலைய வேண்டும்.

அப்படி முதல் முறையாக, 15,000-க்கு மேல் ஊதியத்தில் சேருபவருக்குப் பிஎஃப்பே கட்டாயமில்லை. படிவம் 11-இல் அதைத் தெரிவித்து விலகி நிற்கலாம். கம்பெனி தன் பங்கான 1,800-ஐ ஸ்பெஷல் அலவன்ஸுக்கு மாற்றித் தந்தால் கையில் 3,600 கூடி 34,538 ஆகும். மாற்றித் தருமா என்பதை முதலில் கேட்க வேண்டும். தராவிட்டால் விலகுவதில் நேர் நஷ்டம். ஒருமுறை பிஎஃப் உறுப்பினராகிக் கணக்கு நடப்பில் இருந்தால் அடுத்த கம்பெனியில் இந்தத் தேர்வு கிடையாது. மிகவும் நெருக்கடி இருந்தாலொழிய விலகாமல் இருப்பதே மேல் என்பது என் கணிப்பு. இருபத்திரண்டு வயதில் தானாகச் சேர்த்துவைக்கும் பழக்கம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

கிராஜுவிட்டி எளிய கணக்கு. ஒவ்வொரு வருட வேலைக்கும் பதினைந்து நாள் ஊதியம், மாதத்துக்கு 26 வேலை நாள் என்று எடுத்துக்கொண்டு. 20,000-ஐ 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்தால் வருடத்துக்கு 11,538. இதையே மாத அடிப்படையில் 4.81 சதவீதம் என்று கம்பெனிகள் சிடிசியில் போடுகின்றன. 962 என்பது அப்படி வந்ததுதான். இந்தத் தொகை எந்த மாதமும் வராது. நிரந்தர ஊழியர் ஐந்து வருடம் முடித்து விலகும்போதுதான் உரிமையாகும். குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவருக்குப் புதிய சட்டத் தொகுப்பில் ஒரு வருடம் போதும். நிரந்தர வேலையில் இரண்டு வருடம் இருந்துவிட்டு பெங்களூருக்கு மாறுபவருக்கு, அவருடைய சிடிசியில் இரண்டு வருடமும் இருந்த 23,088 ரூபாய் வெறும் எண்தான். எனவே குறுகிய காலம் மட்டும் இருக்கப்போகும் வேலையை மதிப்பிடும்போது இந்தக் கட்டத்தைப் பூஜ்ஜியமாகவே வைத்துக் கணக்குப் பாருங்கள்.

மருத்துவக் காப்பீட்டில் சொல்ல அதிகம் இல்லை. கம்பெனி கட்டும் பிரீமியம் சிடிசியில் இருக்கும், காசாக வராது. பெற்றோரையும் சேர்த்தால் கூடுதல் பிரீமியத்தை ஊழியரின் சம்பளத்தில் பிடிப்பார்கள். அது பே ஸ்லிப்பில் தனிப் பிடித்தமாக வரும்.

வேரியபிள் வேறு ரகம். நம் உதாரணத்தில் 48,000, அதாவது சிடிசியில் பத்தில் ஒரு பங்கு. இது கம்பெனியின் வருட லாபத்தையும் ஊழியரின் மதிப்பீட்டையும் பொறுத்துக் கிடைக்கும். முழுதும் வரலாம், பாதி வரலாம், வராமலும் போகலாம். கொடுக்கும் நாளில் ஊழியர் பட்டியலில் இருந்தால்தான் உண்டு என்று பல கம்பெனிகள் எழுதியிருக்கும். மார்ச்சில் வருடம் முடிந்து ஜூனில் கொடுப்பார்கள், மே மாதம் ராஜினாமா செய்தவருக்குக் கிடையாது. ஆகவே மாதக் கணக்கில் இதைச் சேர்க்கவே வேண்டாம். சேரும்போது தரும் ஜாயினிங் போனஸும் சில ஆஃபர்களில் முதல் வருடச் சிடிசிக்குள் ஒளிந்திருக்கும். ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் கூடவே இருக்கும். இரண்டாம் வருடம் அது இல்லாததால் சிடிசி குறைந்ததுபோலத் தெரியும்.

இவ்வளவும் கழிந்தால் கிராஸ் 32,738. இனி பே ஸ்லிப்பில் தெரியும் பிடித்தங்கள். ஊழியரின் பிஎஃப் 1,800 போனால் 30,938. அடுத்தது தொழில் வரி. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இது உள்ளாட்சி அமைப்புக்குப் போகும் வரி. அரசியல் சட்டத்தின் 276-ஆம் பிரிவுப்படி ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500-க்கு மேல் வாங்க முடியாது. வீடு எங்கே இருக்கிறது என்பது கணக்கில்லை, அலுவலகம் இருக்கும் இடம்தான் கணக்கு. நாகர்கோவிலில் வேலை என்றால் நாகர்கோவில் மாநகராட்சிக்கு, கழக்கூட்டம் என்றால் திருவனந்தபுரம் மாநகராட்சிக்கு. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அரையாண்டுக்கு ஒருமுறை வாங்குகிறார்கள். நம்மவர் சம்பளத்துக்கு அரையாண்டுக்கு 1,250 என்று வைத்துக்கொண்டால், பிடிக்கும் மாதத்தில் கையில் 29,688 ஆகக் குறையும். மற்ற பத்து மாதமும் 30,938. பெங்களூரில் இதையே மாதம் 200, பிப்ரவரியில் மட்டும் 300 என்று பிரித்துப் பிடிப்பதால் அங்கே வேலை பார்க்கும் நண்பரின் பே ஸ்லிப்போடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டியதில்லை.

வருமான வரி இந்தச் சம்பளத்தில் இல்லை. கிராஸும் வேரியபிளும் சேர்ந்து வருடத்துக்கு 4,40,856. நிலையான கழிவு 75,000 போனால் 3,65,856. புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியே கிடையாது. அதற்கு மேல் போனாலும், கழிவுக்குப் பின் 12 லட்சம் வரை தள்ளுபடியில் வரி பூஜ்ஜியமாகிவிடும். அதாவது சம்பளம் மட்டுமே வருமானமாக உள்ளவருக்கு 12,75,000 வரை பிடித்தம் வராது. அதைத் தாண்டினால் எப்படி என்று ஒரு கணக்கு: ஆண்டுச் சம்பளம் 14,75,000, கழிவு போக 14 லட்சம். நான்கிலிருந்து எட்டு லட்சம் வரை 5 சதவீதம் 20,000. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை 10 சதவீதம் 40,000. மீதி இரண்டு லட்சத்துக்கு 15 சதவீதம் 30,000. மொத்தம் 90,000, அதற்கு 4 சதவீதம் செஸ் 3,600. ஆக 93,600, மாதம் 7,800. ஊழியர் கட்டும் பிஎஃப்-க்கோ வீட்டு வாடகைக்கோ புதிய முறையில் கழிவு இல்லை. பழைய முறையில் உண்டு. அதைத் தேர்ந்தெடுத்ததாகக் கம்பெனிக்கு முன்பே சொல்ல வேண்டும்.

நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையிலோ தக்கலையில் ஒரு மருத்துவமனையிலோ வேலைக்குச் சேருபவருக்கு இந்தக் கணக்கில் இன்னொரு பெயர் நுழையும்: ஈஎஸ்ஐ என்ற அரசு மருத்துவக் காப்பீடு. மாத ஊதியம் 21,000 வரை உள்ளவர்களுக்கு, அந்த நிறுவனம் ஈஎஸ்ஐ வரம்புக்குள் வந்தால் இது கட்டாயம். ஊழியர் 0.75 சதவீதம், நிறுவனம் 3.25 சதவீதம், இரண்டும் கிராஸ் மீது. சிடிசி 2,40,000, அதாவது மாதம் 20,000 என்று எடுப்போம். அடிப்படை 12,000, வாடகைப் படி 5,416, கிராஸ் 17,416. நிறுவனத்தின் பிஎஃப் 1,440, கிராஜுவிட்டி 577, ஈஎஸ்ஐ 567. கூட்டினால் சரியாக 20,000. இனி ஊழியரின் பிஎஃப் 1,440, ஈஎஸ்ஐ 131 போனால் கையில் 15,845. ஈஎஸ்ஐ கணக்கில் பைசா வந்தால் அடுத்த ரூபாய்க்கு ஏற்றிவிடுவார்கள். 130.62 என்பது 131 ஆனது அதனால்தான்.

இந்தச் சின்னச் சம்பளத்திலும் தொழில் வரி உண்டு. ஆறு மாதக் கிராஸ் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடுகிறதே. சம்பளம் நடுவில் உயர்ந்து 21,000-ஐத் தாண்டினாலும் ஈஎஸ்ஐ பிடித்தம் உடனே நிற்காது. ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று இரண்டு தவணைக் காலங்கள் உண்டு. நடப்புக் காலம் முடியும்வரை பிடிப்பார்கள். ஜூலையில் சம்பளம் 22,500 ஆனவருக்குச் செப்டம்பர் வரை பிடித்தம் வருவது தவறில்லை. அக்டோபரிலும் வந்தால் கேட்கலாம். சிறு நிறுவனங்களில் இன்னொன்றையும் கவனியுங்கள்: தீபாவளி போனஸைச் சிடிசிக்குள்ளேயே எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். எழுதியிருந்தால் அக்டோபரில் வருவது கூடுதல் பணம் இல்லை, மாதாமாதம் கொடுக்காமல் வைத்திருந்த சம்பளம்.

மீண்டும் மார்த்தாண்டத்துப் பட்டதாரிக்கு வருவோம். முதல் மாதம் அவருக்கு 30,938 வராமல் போகலாம். முப்பது நாள் மாதத்தில் 18-ஆம் தேதி சேர்ந்தால் 13 நாள் சம்பளம்தான்: கிராஸ் 14,186. பிஎஃப்-ம் அந்த 13 நாள் அடிப்படையான 8,667 மீது 12 சதவீதம், 1,040. கையில் 13,146. மாதக் கடைசியில் சேருபவரின் முதல் சம்பளத்தை அடுத்த மாதத்தோடு சேர்த்துத் தரும் கம்பெனிகளும் உண்டு. ஆகவே கணக்கைச் சரிபார்க்க முதல் முழு மாதப் பே ஸ்லிப்தான் பொருத்தம். அப்போதும் வித்தியாசம் இருந்தால், கம்பெனி பஸ், உணவு, கூடுதல் காப்பீடு என்று ஆஃபர் லெட்டரில் இல்லாத பிடித்தம் ஏதேனும் நுழைந்திருக்கிறதா என்று பிடித்தப் பக்கத்தைப் பாருங்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட ஆஃபர்களை ஒப்பிட ஓர் எக்செல் வரி போதும். B1-இல் ஆண்டுச் சிடிசி, B2-இல் வேரியபிள், B3-இல் ஆண்டுக் காப்பீட்டுத் தொகை, B4-இல் மாத அடிப்படைச் சம்பளம், B5-இல் கம்பெனியின் மாத பிஎஃப் பங்கு என்று போட்டுவிட்டு:

```
=(B1-B2-B3)/12-B4*0.0481-B5*2
```

நம் எண்களைப் போட்டால் 30,938 வரும். கடைசியில் பிஎஃப் இரண்டால் பெருக்கப்படுவது கம்பெனியின் பங்கும் ஊழியரின் பங்கும் சமம் என்பதால். கம்பெனி 1,950 என்று காட்டியிருந்தால் B5-இல் 1,800 போட்டு, விடையிலிருந்து 150 கழியுங்கள். தொழில் வரி, ஈஎஸ்ஐ, வருமான வரி இதில் இல்லை.

இதையே தலைகீழாகவும் போடலாம், சம்பளம் பேசும்போது அதுதான் உதவும். கையில் மாதம் 35,000 வேண்டும் என்று வைப்போம். பிஎஃப் 1,800 என்றால் கிராஸ் 36,800 வேண்டும். அதோடு கம்பெனியின் 1,800, காப்பீட்டுக்கு 500 சேர்த்தால் 39,100. அடிப்படை சிடிசியில் பாதி என்றால் கிராஜுவிட்டி சிடிசியில் சுமார் 2.4 சதவீதம் எடுக்கும். வேரியபிள் இல்லாத ஆஃபர் என்றால் 39,100 என்பது சிடிசியில் 97.6 சதவீதம், கேட்க வேண்டியது ஆண்டுக்கு ஏறத்தாழ 4,81,000. பத்து சதவீத வேரியபிள் உள்ள ஆஃபர் என்றால் அதே 39,100 சிடிசியில் 87.6 சதவீதம்தான், இப்போது கேட்க வேண்டியது ஏறத்தாழ 5,36,000. ஒரு கம்பெனி 4.81 லட்சமும் இன்னொன்று 5.36 லட்சமும் சொன்னால், மாதாமாதம் வங்கியில் விழுவது இரண்டிலும் ஒன்றே. இரண்டாவது கம்பெனியின் ஹெச்ஆரிடம், கடந்த இரண்டு மூன்று வருடங்களில் வேரியபிள் சராசரியாக எத்தனை சதவீதம் கொடுத்தீர்கள் என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவைத்துக்கொண்டு பிறகு முடிவு செய்யுங்கள்.